பதினேழு பேர் விடுபட்டால்

விழுப்புரம் மாவட்டத்துக் காலனி ஒன்றில் சென்ற ஞாயிறு மாலை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பற்றிப் பேச நம்மை அழைத்திருந்தார்கள். வேப்பமரத்தடி மேடையைச் சுற்றி அறுபது எழுபது பேர் கூடியிருந்தார்கள். பாதிப் பேர் பெண்கள். கல்லூரி போகும் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் பின்னால் நின்றார்கள். நாம் பேசத் தொடங்குவதற்கு முன்பே ஒரு பெரியவர் கேட்டுவிட்டார்: “தம்பி, போன தடவையும் எழுதிக்கிட்டுப் போனாங்க. சுவத்துல நம்பர் போட்டாங்க. அப்புறம் ஒண்ணும் வரல. எண்ணி எங்களுக்கு என்னா ஆவப்போவுது?”

அந்தக் கேள்வி நியாயமானது. அன்று அவருக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறோம். எல்லாக் காலனிகளிலும் இதே கேள்வி இருக்கிறது. பதில் தெரியாமல் கதவைத் திறந்தால் வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்பிவிடுவோம். அப்படிச் சொன்னது பத்து ஆண்டுகளுக்கு நம் தலையில் எழுத்தாக நிற்கும். பத்து என்பதும் கணக்குக்குத்தான். 2021-இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கவேயில்லை. அரசு இன்றும் 2011-ஆம் ஆண்டுக் கணக்கை வைத்துத்தான் நமக்குத் திட்டம் போடுகிறது. அந்தக் கணக்கு முடிந்த பிறகு பிறந்த பிள்ளைகள் இப்போது உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறார்கள். அரசின் ஏட்டில் அவர்கள் இன்னும் பிறக்கவில்லை.

முதலில் எதை எண்ணுகிறார்கள் என்று பார்ப்போம். கணக்கெடுப்பு இரண்டு சுற்றாக நடக்கும். முதல் சுற்று வீடுகளைப் பற்றியது. 2026 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான காலத்தில் ஒவ்வொரு மாநிலமும் தனக்கென்று 30 நாட்களை ஒதுக்கி இதை நடத்த வேண்டும் என்பது ஏற்பாடு. சுவர் மண்ணா செங்கல்லா, கூரை ஓலையா ஓடா தளமா, குடிதண்ணீர் வீட்டுக்குள் வருகிறதா வெளியிலிருந்து எடுத்து வர வேண்டுமா, கழிப்பறை உண்டா, கழிவுநீர் எங்கே போகிறது, அடுப்பில் என்ன எரிகிறது என்று கேட்பார்கள். குடும்பத்தலைவர் பட்டியல் சாதியா, பழங்குடியா, மற்றவரா என்றும் இந்தச் சுற்றிலேயே ஒரு கேள்வி உண்டு. இரண்டாவது சுற்று ஆட்களைப் பற்றியது. அது 2027 பிப்ரவரியில் நடக்கும். பெயர், வயது, ஆணா பெண்ணா, மதம், சாதி, தாய்மொழி, படிப்பு, வேலை, எங்கிருந்து எங்கே குடிபெயர்ந்தார் என்பவை ஆளாளுக்குத் தனித்தனியாகக் கேட்கப்படும். பிப்ரவரி 28 முடிந்து மார்ச் 1 பிறக்கும் நள்ளிரவில் இந்த நாட்டில் யார் யார் இருந்தார்கள் என்பதுதான் கடைசியில் கிடைக்கும் கணக்கு.

கூட்டத்தில் ஒரு அக்கா உடனே கேட்டார்: “வண்டி இருக்கு, டிவி இருக்குன்னு சொன்னா ரேஷன் கார்டை மாத்திட மாட்டாங்களா?” பெரும்பாலானவர்களின் பயம் இதுதான். வறுமைக்கோட்டுப் பட்டியல் எடுக்க வந்தபோது மிக்சியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளியவர்கள் நம்மிடையே உண்டு. ஆனால் அந்தப் பட்டியல் வேறு, இது வேறு. பயனாளி பட்டியலில் உங்கள் பெயருக்கு எதிரே வீடு, மாடு, உதவித்தொகை என்று ஏதோ ஒன்று நிற்கும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் உங்கள் பெயர் யாருக்கும் தேவையில்லை. பெயரை நீக்கிவிட்டு, இந்த ஊரில் இத்தனை ஓலை வீடு, இத்தனை வீட்டில் குழாய் இல்லை என்ற எண்ணிக்கையை மட்டும்தான் வெளியிடுவார்கள். 1948-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டம், பிரிவு 15, இதற்குக் காவல். தனி ஆள் கொடுத்த விவரத்தை யாரும் பார்வையிட முடியாது. வேறு எந்த வழக்கிலும் அதைச் சாட்சியமாக வைக்கவும் முடியாது. ஆகவே வண்டி இருந்தால் இருக்கிறது என்றே சொல்லுங்கள். உங்கள் ரேஷன் அட்டைக்கு அதனால் ஒன்றும் நேராது. கணக்கெடுப்பாளர் உங்களிடம் எந்தச் சான்றும் கேட்க வேண்டியதில்லை. வங்கிக் கணக்கு எண்ணோ, கைப்பேசிக்கு வரும் ரகசிய எண்ணோ கேட்டு ஒருவர் வந்தால் அவர் கணக்கெடுக்க வந்தவர் அல்ல.

இனி பெரியவரின் கேள்விக்கு வருவோம். எண்ணினால் என்ன ஆகும்? ஒரே ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் போதும்.

மத்திய அரசின் திட்டங்களில் ஒன்று, பட்டியல் சாதியினர் அதிகமாக வாழும் ஊர்களை ‘ஆதர்ஷ் கிராமம்’ என்று தேர்ந்தெடுத்து, அங்கே விடுபட்டுக் கிடக்கும் குடிநீர், சாலை, அங்கன்வாடி, தெருவிளக்கு போன்றவற்றைச் செய்து கொடுப்பது. இதற்கென ஓர் ஊருக்கு 20 லட்சம் ரூபாய் வரை ஒதுக்குகிறார்கள். தகுதி இரண்டு. ஊரில் மொத்தம் 500 பேருக்குக் குறையக் கூடாது. அவர்களில் 100-க்கு 40 பேராவது பட்டியல் சாதியினராக இருக்க வேண்டும். தகுதி இருந்தாலே பணம் வந்துவிடாது, தேர்வும் ஆக வேண்டும். ஆனால் தகுதி இல்லையென்றால் மனு கொடுக்கவே வழியில்லை.

ஓர் ஊரில் 1,200 பேர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். காலனியில் 490 பேர், ஊர்த்தெருவில் 710 பேர். 490 என்பது 1,200-இல் நூற்றுக்கு 40.8. ஊர் தகுதி பெறுகிறது. இப்போது கணக்கெடுப்பாளர் வந்த நாட்களில் காலனியில் நாலு வீடு பூட்டிக் கிடக்கிறது. நாலு குடும்பத்தில் 17 பேர் எந்த ஏட்டிலும் ஏறாமல் போகிறார்கள். காலனிக் கணக்கு 473 ஆகிறது. ஊரின் மொத்தம் 1,183 ஆகிறது. வகுத்துப் பாருங்கள்: 39.98. நாற்பதுக்குக் கீழே ஒரு மயிரிழை. ஆனால் கணினிக்கு மயிரிழை தெரியாது. அந்த ஊர் பட்டியலிலிருந்து விழுந்துவிடும். அடுத்த கணக்கெடுப்பு வரும்வரை அந்தக் காலனியில் குடிநீர்த் தொட்டி கேட்டு யார் மனு கொடுத்தாலும், “உங்க ஊரு லிஸ்ட்லயே இல்லியே” என்பதுதான் பதிலாக வரும். விடுபட்டது நாலு குடும்பம். இழந்தது 490 பேர்.

இது கற்பனைக் கணக்குதான். ஆனால் விடுபடுவது கற்பனையல்ல. 2011 கணக்கெடுப்பு முடிந்ததும் அரசே ஒரு மறுஆய்வு நடத்தி, எத்தனை பேர் விடுபட்டார்கள் என்று பார்த்தது. ஆயிரத்துக்கு 23 பேர் என்று வந்தது. நாம் சொன்ன 1,200 பேர் ஊருக்கு அந்த விகிதத்தைப் பொருத்தினால் 27, 28 பேர். அவர்கள் ஊர்த்தெருவிலும் காலனியிலும் சமமாக விடுபட்டால் விகிதம் மாறாது. ஆனால் வீட்டைப் பூட்டிக்கொண்டு பிழைக்கப் போகிறவர்கள் எந்தத் தெருவில் அதிகம் என்று நம் வாசகர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

இந்த விகிதம் இன்னொன்றையும் தீர்மானிக்கிறது. ஊராட்சி மன்றத்தில் எத்தனை இடங்கள் நமக்கு ஒதுக்கப்பட வேண்டும் என்பது மக்கள்தொகை விகிதப்படிதான் என்று அரசியலமைப்புச் சட்டத்தின் 243டி பிரிவு சொல்கிறது. சட்டமன்றத்தில் இன்று நமக்குள்ள 44 தனித்தொகுதிகளும் மக்கள்தொகைக் கணக்கிலிருந்து பிறந்தவை. 1996-இல் மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி ஒதுக்கப்பட்டபோது அதைப் பொறுக்க முடியாதவர்கள் மறுவருடம் முருகேசனையும் அவருடன் வந்தவர்களையும் வெட்டிக் கொன்றார்கள். அந்த நாற்காலியின் விலை அவ்வளவு. அதற்கு அடித்தளமான எண்ணை நாமே அலட்சியமாகச் சொல்லிவிட்டுப் போகலாமா?

“அப்படின்னா சூளைக்குப் போனவங்களையும் நாங்களே சேத்துச் சொல்லிடறோம் சார்” என்றார் ஒரு இளைஞர். நல்ல எண்ணத்தில் சொன்னார். ஆனால் கூடாது. அதற்கு ஒரு விதி இருக்கிறது, அதைத் தெரிந்துகொள்வது அவசியம்.

நம் மாவட்டத்திலிருந்தும் பக்கத்து மாவட்டங்களிலிருந்தும் முன்பணம் வாங்கிக்கொண்டு பொங்கலை ஒட்டிச் செங்கல் சூளைக்குப் போகிற குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. கரும்பு வெட்டப் போகிறவர்களும் இருக்கிறார்கள். மழை தொடங்கும் முன்புதான் திரும்புவார்கள். ஆட்களை எண்ணுவதோ பிப்ரவரியில். 2011-இல் கடைப்பிடித்த விதி இது: எண்ணுகிற அந்த நாட்களில், பிப்ரவரி 9 முதல் 28 வரை, ஒருவர் தன் வழக்கமான வீட்டில் ஒரு பகுதி நாட்களாவது தங்கியிருந்தால், அல்லது 28-க்குள் திரும்பிவிடுவார் என்றால், அவரை அந்த வீட்டில் எண்ண வேண்டும். கணக்கெடுப்பாளர் வந்த நேரத்தில் அவர் வெளியே போயிருந்தாலும் சரி. எண்ணுகிற நாட்கள் முழுவதும் வெளியூரிலேயே இருப்பவரை, அவர் இருக்கிற இடத்தில் எண்ண வேண்டும். சூளையில் இருந்தால் சூளையில்.

இதில் மூன்று சங்கதிகள் அடங்கியிருக்கின்றன. திருவிழாவுக்கோ, சாவுக்கோ, பிள்ளையைப் பார்க்கவோ அந்த நாட்களுக்குள் வீட்டுக்கு வந்து தங்கிப் போகிறவர் ஊர்க்கணக்கில்தான் வர வேண்டும். அவரை வீட்டில் இருக்கிற பாட்டி மறக்காமல் சொல்ல வேண்டும். “அவங்க இங்க இல்ல” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டால் அவர் போய்விட்டார்.

இரண்டாவது, அந்த நாட்களில் ஊர்ப்பக்கமே வராத குடும்பத்தைப் பொய்யாகச் சேர்க்கக் கூடாது. சூளையிலும் அவர்களை எண்ணினால் ஒரே ஆள் இரண்டு இடத்தில் வருவார். அப்படி வந்தது தெரிந்தால் சந்தேகம் காலனியின் முழுக் கணக்கின் மேலும் விழும். உண்மையாகச் சொன்ன மற்றவர்களின் பதிலும் அதனால் கெடும்.

மூன்றாவதுதான் முக்கியம். சூளையில் எண்ண வேண்டும் என்பது விதி. எண்ணினார்களா என்பது யாருக்கும் தெரியாது. சூளைக் குடிசைகள் ஊர் வரைபடத்தில் இருப்பதில்லை. கணக்கெடுப்பாளர் முதலாளியின் அலுவலகத்தோடு திரும்பிவிடலாம். இத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று தெரிய வேண்டாம் என்று நினைக்கும் முதலாளி, “எல்லாம் வெளியூர் ஆளுங்க, அவங்க ஊர்ல எழுதிப்பாங்க” என்று சொல்லி அனுப்பலாம். இப்படித்தான் ஊரிலும் இல்லாமல், சூளையிலும் இல்லாமல் ஒரு குடும்பமே காணாமல் போகிறது. இருளர் குடும்பங்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். சூளைக்குப் போகிறவர்களுக்கு நாம் சொல்வது இதுதான்: மார்ச் 1-க்குள் யாரும் உங்கள் குடிசைக்கு வந்து எழுதவில்லை என்றால், கைப்பேசியில் ஊரில் உள்ள ஒரு படித்த பிள்ளைக்குச் சொல்லுங்கள். எந்த வட்டம், எந்தச் சூளை, எத்தனை குடிசை என்று சொன்னால் போதும். அந்த வட்டத்தின் வட்டாட்சியர்தான் அங்கே கணக்கெடுப்புக்குப் பொறுப்பாளர். அவருக்கு ஒரு மனு, மாவட்ட ஆட்சியருக்கு ஒரு நகல் அனுப்பலாம். மார்ச் முதல் வாரத்தில் பிறப்பு, இறப்பைச் சரிபார்க்க ஒரு திருத்தச் சுற்று வருவது வழக்கம். அதற்குள் மனு போய்ச் சேர வேண்டும்.

வேறு மாநிலச் சூளைக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு இழப்பும் உண்டு. பட்டியல் சாதிப் பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. நம் சாதிப் பெயர் அந்த மாநிலத்துப் பட்டியலில் இல்லையென்றால், அங்கே எண்ணப்படும்போது நாம் பட்டியல் சாதியாகக் கணக்கில் வரமாட்டோம். இதற்கு நம் கையில் மருந்து இல்லை. முடிந்தவர்கள் அந்த நாட்களுக்குள் ஊருக்கு வந்து தங்கிப் போவதுதான் வழி. முன்பணம் வாங்கும்போதே மேஸ்திரியிடம் இதைப் பேசி வையுங்கள்.

அடுத்து வீட்டைப் பற்றிய பதில்கள். இங்கே நாம் சொல்கிற பொய் பெரும்பாலும் மானத்துக்காகச் சொல்வது. கழிப்பறை இருக்கிறதா என்று ஒரு இளம் ஆசிரியை வந்து கேட்டால், இல்லை என்று சொல்ல நாக்கு கூசும். அரசு மானியத்தில் கட்டிய கழிப்பறை வாசலில் நிற்கிறது. உள்ளே விறகு அடுக்கியிருக்கிறது. தொட்டி ஒரு முழம்தான் தோண்டினார்கள், தண்ணீர் கிடையாது, ஒரு மாதத்தில் நிரம்பிவிட்டது. அன்றைய கூட்டத்தில் கை தூக்கச் சொல்லிக் கேட்டோம். முதலில் யாரும் தூக்கவில்லை. ஒரு பாட்டி சிரித்துக்கொண்டே தூக்கினார். பிறகு ஒவ்வொன்றாக இருபது கைகளுக்கு மேல் எழுந்தன. அந்த இருபது வீடும் “இருக்கிறது” என்று சொன்னால், இந்த ஊரில் கழிப்பறைப் பிரச்சினை தீர்ந்தது என்று ஏட்டில் ஏறிவிடும். பிறகு பெண்கள் இருட்டும்வரை அடக்கிக்கொண்டு காத்திருப்பது எந்த அதிகாரிக்கும் தெரியாது. “கட்டிடம் இருக்கு, பயன்படுத்த முடியல, வெளியிலதான் போறோம்” என்று சொல்லுங்கள். மானியம் வாங்கினாயே என்று உங்கள் மேல் யாரும் இந்தப் பதிலை வைத்து நடவடிக்கை எடுக்க முடியாது. பிரிவு 15 அதற்குத்தான் இருக்கிறது.

உண்மையான பதில் என்ன செய்யும் என்பதற்கு நம் கண்முன் ஒரு சான்று உண்டு. கையால் மலம் அள்ளுவது எங்கள் மாநிலத்தில் இல்லை என்று பல மாநில அரசுகள் ஆண்டுக்கணக்கில் சாதித்துக்கொண்டிருந்தன. 2011 வீட்டுப்பட்டியலில் கழிப்பறையின் வகையைக் கேட்டார்கள். மனிதர்களே மலத்தை அகற்றும் கழிப்பறைகள் நாடு முழுவதும் 7,94,390 இருப்பதாக மக்கள் சொன்ன பதிலிலிருந்தே தெரிந்தது. இல்லை என்று சொன்ன அரசுகளின் முன்னால் அரசின் சொந்தக் கணக்கே வந்து நின்றது. போராட்டங்களும் வழக்குகளும் நடந்துகொண்டிருந்த காலம் அது. அவற்றோடு இந்த எண்ணும் சேர்ந்துகொண்டது. 2013-இல் கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் புதிய சட்டம் வந்தது. அத்தனை லட்சம் வீடுகளில் யாரோ ஒருவர் கூச்சப்படாமல் உள்ளதைச் சொன்னதால் கிடைத்த எண் அது.

தண்ணீருக்கும் இதே முறை. வீட்டுக்குள் குழாய் இருக்கிறது. ஆனால் தண்ணீர் வருவது வாரத்தில் ஒரு நாள், குடிக்க எடுப்பது அரைக் கிலோமீட்டர் தள்ளி மோட்டார் கொட்டகையில் என்றால், குடிக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறதோ அதைத்தான் சொல்ல வேண்டும். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. அரசுக் கணக்கில் கிராமம் என்றால் வருவாய் கிராமம். ஊர்த்தெருவும் காலனியும் அதில் ஒன்றாகக் கலந்துவிடும். ஊர்த்தெருவில் நூறு வீட்டுக்குக் குழாய் இருந்து, காலனியில் ஒரு வீட்டுக்கும் இல்லாவிட்டாலும், “இந்தக் கிராமத்தில் பாதிக்கு மேல் குழாய் உண்டு” என்றுதான் கணக்கு வரும். இதைப் பிரித்துக் காட்டுவதற்கு இருக்கிற ஒரே கருவி, குடும்பத்தலைவர் பட்டியல் சாதியா என்ற அந்த ஒற்றைக் கேள்விதான். அதை வைத்துத்தான் பட்டியல் சாதி வீடுகளின் குழாய், கழிப்பறை, விளக்கு, கூரை பற்றித் தனி அட்டவணைகள் வெளியாகின்றன. முதல் சுற்றில் அந்தக் கேள்விக்கான பதில் தவறாகப் பதிந்தால், காலனி ஊருக்குள் கரைந்துவிடும்.

கடைசியாகச் சாதிப் பெயர். இந்த முறை எல்லாச் சாதியும் கேட்கப்படப் போகிறது. 1931-க்குப் பிறகு இது முதல்முறை. நம்மைப் பொறுத்தவரை இது புதிதல்ல. விடுதலைக்குப் பிந்தைய எல்லாக் கணக்கெடுப்பிலும் பட்டியல் சாதியினரின் சாதிப் பெயர் கேட்கப்பட்டுத்தான் வந்திருக்கிறது. ஆனாலும் தவறு நடக்கிறது. “என்ன ஆளுங்க” என்று கேட்டால் சிலர் “எஸ்.சி.” என்கிறார்கள். வயதானவர்கள் சிலர் இன்னும் “ஹரிஜன்” என்கிறார்கள். இவை இரண்டும் சாதிப் பெயர் அல்ல. பட்டியலில் உள்ள பெயரைத்தான் பதிய வேண்டும். நம் மாநிலத்தில் அப்படிப் பல பெயர்கள் இருக்கின்றன. உங்கள் சாதிச் சான்றிதழில் எந்தப் பெயர் இருக்கிறதோ அதை அப்படியே சொல்லுங்கள்.

ஆதிதிராவிடர் என்ற பெயரில் ஒரு குழப்பம் உண்டு. அது பட்டியலில் உள்ள ஒரு தனிப் பெயர். அதே நேரம் அரசுத் துறைக்கும், விடுதிக்கும், பள்ளிக்கும் அதே பெயர் இருப்பதால், நம்மில் எல்லாரும் பொதுவாக அதைச் சொல்லப் பழகிவிட்டோம். அருந்ததியர் ஒருவர் பழக்கத்தில் “ஆதிதிராவிடர்” என்று சொல்லிவிட்டால், அவர் வேறு கணக்கில் போய்ச் சேர்வார். 18 விழுக்காட்டுக்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2009 முதல் இருக்கிறது. உள் ஒதுக்கீடு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் சொன்னபோது, அதற்குத் தகுந்த தரவு வேண்டும் என்றும் சொன்னது. தரவு என்பது இந்தப் பதில்தான். அவரவர் பெயரை அவரவர் சொன்னால்தான் நமக்குள் யாருக்கு எவ்வளவு கிடைத்தது, யார் பின்தங்கிப் போனார்கள் என்று நாமே நேர்மையாகப் பேச முடியும்.

மதம் பற்றியும் ஒரு பிள்ளை கேட்டாள். மாதாகோயிலுக்குப் போகிற குடும்பம், சான்றிதழில் இந்து. என்ன சொல்வது? இன்றைய சட்டப்படி இந்து, சீக்கியர், பௌத்தர் ஆகிய மூன்று மதத்தினரை மட்டும்தான் பட்டியல் சாதியாக எண்ண முடியும். கிறித்தவர் என்று சொன்னால் பட்டியல் சாதிக் கணக்கில் வரமாட்டீர்கள். இது அநீதி என்பது நம் கருத்து. தேவாலயத்திலும் தனிக் கல்லறை வைத்திருக்கிற நாட்டில் சாதி மதம் மாறினால் போய்விடாது. ஆனால் என்ன மதம் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். கணக்கெடுப்பாளர் அதை அப்படியே எழுத வேண்டும். பெயரைப் பார்த்து அவராக எழுதவோ, யாரும் உங்களை இப்படிச் சொல் அப்படிச் சொல் என்று மிரட்டவோ உரிமை இல்லை. விளைவைத் தெரிந்துகொண்டு, உங்கள் மனசாட்சிப்படி சொல்லுங்கள் என்பதற்கு மேல் நாம் எதுவும் சொல்ல மாட்டோம்.

பின்னால் நின்ற மாணவர்களுக்கு நாம் ஒரு வேலை கொடுத்தோம். மற்ற ஊர் மாணவர்களும் இதைச் செய்யலாம். ஒரு நோட்டில் காலனியின் வீடுகளைத் தெரு வாரியாக வரிசையாக எழுதுங்கள். ஒரே வீட்டில் தனி அடுப்பு வைத்திருப்பவர்களைத் தனிக் குடும்பமாக எழுதுங்கள். ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும் தனியே இருக்கிற குடிசைகளை விடாதீர்கள். பட்டா இல்லை என்பதற்காக எந்த வீடும் கணக்கிலிருந்து விடுபடக் கூடாது. கைக்குழந்தை, படுத்த படுக்கையாக இருக்கும் தாத்தா, மனநலம் குன்றியவர், கணவனை விட்டு வந்து தங்கியிருக்கும் அக்கா, இவர்களைத்தான் வீட்டில் சொல்ல மறப்பார்கள். கணக்கெடுப்பாளர் வந்து போனதும் ஒவ்வொரு வீட்டுக்கும் எதிரே ஒரு குறி போடுங்கள். குறி இல்லாத வீடு தெரிந்தால் அன்றே கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள். இந்த முறை இணையத்தில் நாமே பதிந்துகொள்ளும் வசதியும் உண்டு. பதிந்ததும் ஓர் அடையாள எண் வரும். கணக்கெடுப்பாளர் வரும்போது அதைக் கொடுக்க வேண்டும். அம்மா அப்பாவை உட்கார வைத்து, அவர்கள் சொல்கிறபடி பதிந்து கொடுங்கள். கணக்கெடுப்பாளரே பதிகிற வீட்டில், பதிந்ததை ஒருமுறை படித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அவர் வேண்டுமென்றே பொய்யாகப் பதிந்தால் அதே 1948 சட்டத்தில் அவருக்கும் தண்டனை உண்டு.

மாவட்ட நிர்வாகத்திடம் நாம் கேட்பது இரண்டு. மாவட்டத்தில் உள்ள எல்லாச் சூளைகளையும், கரும்பு வெட்டுவோர் முகாம்களையும் முன்கூட்டியே பட்டியலிட்டு, அவற்றுக்குக் கணக்கெடுப்பாளரைப் பெயர் சொல்லி நியமிக்க வேண்டும். ஒவ்வொரு வருவாய் கிராமத்திலும் வரைபடம் போடும்போது காலனியையும் அதைத் தாண்டிய குடிசைகளையும் நேரில் நடந்து பார்த்துக் குறிக்க வேண்டும். ஊர்ச்சாவடியில் உட்கார்ந்து, “அங்க ஒரு நூறு வூடு இருக்கும்” என்று யாரோ சொன்னதை வைத்துக் குறிக்கக் கூடாது.

எல்லாம் கேட்டு முடித்த பெரியவர், “சரியா சொன்னா தொட்டி வந்துடுமா?” என்றார். வந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. கணக்கு சரியாக இருந்தும் பணம் வேறு பக்கம் திரும்பிய கதை அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். “ஐயா, சரியா சொன்னா தொட்டி கேட்டுச் சண்டை போடலாம். 490 பேர் இருக்கோம், ஒரு குழாய் இல்லன்னு உங்க கணக்கே சொல்லுதேன்னு கேக்கலாம். சரியா சொல்லலன்னா சண்டை போடக்கூட ஒண்ணும் இருக்காது” என்றோம். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு பேத்தியைக் கூப்பிட்டு, “சூளையில இருக்கற உங்க சித்தப்பனுக்குப் போன போடு. பிப்ரவரி மாசம் ஒரு வாட்டி வந்துட்டுப் போவச் சொல்லு” என்றார்.